அலுவலகம் இடம் மாறுகிறது: யாரிடம், எப்போது, எந்த வழியில் சொல்வது?

கேள்வி: "நுங்கம்பாக்கத்தில் இயங்கும் எங்கள் நிறுவனத்தில் 210 பேர் பணிபுரிகிறோம். நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வாடகை ஒப்பந்தம் முடிவதால் செப்டம்பர் 28, திங்கட்கிழமை முதல் சோழிங்கநல்லூருக்கு மாறுகிறோம். வேலை நேரமும் காலை 9.30-க்குப் பதிலாக 8.30-க்குத் தொடங்கும். முன்கூட்டியே சொன்னால் ஆட்கள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்று நிர்வாகம் பயப்படுகிறது. செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை மாலை எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பி, வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது மே மாதம்தான் ஆகிறது. எப்படித் திட்டமிடுவது?" – வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தயக்கம் நியாயமானது. எத்தனை நாள் முன்னதாகச் சொல்வது என்பதை நிர்வாகத்தின் வசதியை வைத்து முடிவு செய்தால் தேதி எப்போதும் தள்ளித் தள்ளித்தான் போகும். செய்தியைக் கேட்டவுடன் ஒருவர் தம் வாழ்க்கையில் என்னென்ன முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும், அவற்றில் எதற்கு மிக நீண்ட காலம் பிடிக்கும் என்று பார்த்து, அந்தக் காலத்தை இடம் மாறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அறிவிப்புத் தேதி அந்தக் கணக்கில் தானாகவே வந்து நிற்கும்.

உங்கள் அலுவலகத்துக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆவடியிலோ அம்பத்தூரிலோ குடியிருக்கும் ஒருவர் இன்று புறநகர் ரயிலில் வந்து, பூங்கா நிலையத்தில் வண்டி மாறி, நுங்கம்பாக்கத்தில் இறங்கி நடந்து வருகிறார். மாதச் சீட்டு எடுத்திருப்பார். சோழிங்கநல்லூர் உங்கள் இப்போதைய இடத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அங்கே புறநகர் ரயில் கிடையாது. ஆகவே அவர் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: பேருந்திலோ நிறுவன வண்டியிலோ நெடுநேரம் பயணம் செய்வது, வீடு மாறுவது, வேலையை விடுவது. வீடு மாற நினைத்தால் இப்போதைய வீட்டுக்காரருக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்பே சொல்ல வேண்டும், புது வீடு பார்க்க வேண்டும், முன்பணம் புரட்ட வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் ஜூனில் தொடங்கிய கல்வியாண்டு ஏப்ரலில் முடியும் வரை அவரால் அசையவே முடியாது. வேலையை விட நினைத்தாலோ, உங்கள் பணி நியமனக் கடிதத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாள் காத்திருக்க வேண்டும்.

அது 60 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 4 மாலை செய்தியைக் கேட்டு அன்றே ராஜினாமா கொடுத்தாலும் நவம்பர் 3-ஆம் தேதிதான் அவரால் விலக முடியும். தம்மால் இயலாது என்று தெரிந்தே ஐந்து வாரம் அந்தப் பயணத்தைச் செய்ய வேண்டும், இல்லையேல் முன்னறிவிப்புக் காலத்துக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். செப்டம்பர் 28-க்குள் முறையாக விலக வேண்டுமானால் ஜூலை 30-க்குள் அவர் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு முன் வீட்டில் பேச, புது இடத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்க்க, வேறு வேலை தேட ஆறு வாரமாவது தேவை. ஜூலை 30-லிருந்து ஆறு வாரம் பின்னால் போனால் ஜூன் நடுப்பகுதி வருகிறது. அதனால்தான் ஜூன் 17, புதன்கிழமையை அறிவிப்பு நாளாகக் கொள்ளுங்கள் என்கிறேன். இடம் மாறும் நாளுக்கு 103 நாள் முன்பு. இது தாராளமாகத் தோன்றலாம். கணக்கைப் பார்த்தால் அது குறைந்தபட்ச அவகாசம்தான்.

ஆட்கள் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு நிர்வாகத்திடம் சொல்ல வேண்டிய பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. பயணத்தைத் தாங்க முடியாதவர் எப்போது சொன்னாலும் போவார். ஜூனில் சொன்னால் ஜூலையில் கடிதம் கொடுத்து, வேலையை ஒப்படைத்துவிட்டுப் போவார்; நீங்களும் அவருடைய இடத்துக்குச் சோழிங்கநல்லூருக்கு அருகிலேயே ஆள் தேடலாம். செப்டம்பரில் சொன்னால் இடம் மாறுகிற அதே வாரத்தில், எல்லோருடைய கணினியும் பெட்டிக்குள் இருக்கும்போது போவார். நிர்வாகம் உண்மையில் முடிவு செய்ய வேண்டியது, போகிறவர்கள் எப்போது போனால் தாங்கிக்கொள்ள முடியும் என்பதைத்தான். கேள்வியை இப்படி மாற்றி வைத்தால் பெரும்பாலான நிர்வாக இயக்குநர்கள் செவிசாய்ப்பார்கள் என்பது என் அனுபவம்.

அவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. செப்டம்பர் வரை இந்த ரகசியம் நிற்கப்போவதில்லை. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்தானதும் தரகருக்குத் தெரியும், உள் அலங்காரக்காரருக்குத் தெரியும், இணைய இணைப்புக் கொடுப்பவருக்குத் தெரியும். பழைய மேசைகளை யாரோ அளவெடுத்துக்கொண்டு போவார்கள். நான் முன்பு நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஒரு நிறுவனத்தில், அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்பே எங்கள் தளத்தைத் துப்புரவு செய்துவந்த அக்கா என்னிடம், "சார், நாம எங்க போறோம்? டேப் வெச்சுக்கிட்டு வந்தவங்க சொன்னாங்க" என்று கேட்டார். "அப்படி எதுவும் இல்லை" என்று நான் சொன்னேன். அப்படிச் சொல்லும்படி எனக்கு அறிவுறுத்தியிருந்தார்கள். முறைப்படி அறிவித்த பிறகு அந்த அக்கா என்னிடம் வேறு எதைப் பற்றியும் கேட்டதே இல்லை. அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றும் வருந்துகிறேன்.

ஆகவே குத்தகை கையெழுத்தாகும் நாளை ரகசியத்தின் கடைசி நாளாகக் கருதி, அன்றைக்கே ஒரு சிறு பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் எல்லா மேலாளர்களும் அதையே சொல்ல வேண்டும்: "இட மாற்றம் குறித்துப் பேச்சு நடக்கிறது. விவரங்களை ஜூன் 17-ஆம் தேதி எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்கிறோம். அதுவரை என்னால் கூடுதலாகச் சொல்ல முடியாது." இதில் பொய் இல்லை, தேதியும் இருக்கிறது. தேதி தெரிந்தால் மனிதர்கள் காத்திருப்பார்கள். மறுப்பைக் கேட்டால் தாங்களாகவே விசாரிக்கத் தொடங்குவார்கள்.

அடுத்து, யாரிடம் சொல்வது என்பது. "எல்லோருக்கும்" என்ற ஒரே வகையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதும் கடிதம் யாருக்கும் முழுமையாகப் பயன்படாது. இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். சம்பளப் பதிவேட்டில் இருக்கும் முகவரிகளை அஞ்சல் குறியீட்டு எண் வாரியாகப் பிரியுங்கள். 210 பேருக்கு ஒரு பிற்பகல் போதும். வேளச்சேரி, மேடவாக்கம், துரைப்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்குப் பயணம் குறையும்; அவர்களுக்கு இது நல்ல செய்தி. தாம்பரம், குரோம்பேட்டைக்காரர்களுக்கு வழி மாறும், ரயிலை விட்டுச் சாலைக்கு வர வேண்டியிருக்கும். அம்பத்தூர், ஆவடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கத்தவர்களுக்குத்தான் இது இடி. இந்த மூன்றாவது குழுவின் எண்ணிக்கை தெரியாமல் அறிவிப்பை எழுத உட்காராதீர்கள். அது 15 பேராக இருந்தால் செய்ய வேண்டியது வேறு, 70 பேராக இருந்தால் வேறு.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதில் தூரம் அல்லாத காரணங்களுக்காகவும் பாதிக்கப்படுகிறவர்களைக் குறியுங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள், வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள், தொடர் சிகிச்சைக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய்வருபவர்கள், உடல் இயலாமை காரணமாக இப்போதைய கட்டடத்தின் வசதியைச் சார்ந்திருப்பவர்கள். வேலை ஒரு மணி நேரம் முன்பே தொடங்குவது, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாய் தந்தையருக்குத் தூரத்தைவிடப் பெரிய சிக்கலாக இருக்கலாம். உங்கள் பட்டியலில் கட்டாயம் விடுபட்டிருக்கக்கூடியவர்களும் உண்டு: பேறுகால விடுப்பில் இருப்பவர்கள், நீண்ட மருத்துவ விடுப்பில் இருப்பவர்கள், கடிதம் பெற்று இன்னும் சேராதவர்கள். கடைசியாகச் சொன்னவர்கள் நுங்கம்பாக்கம் என்று நம்பித்தான் வேலையை ஏற்றிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த 210-இல் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களும் காவலாளிகளும் அடக்கமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பெரும்பாலும் அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பதால் கணக்கில் வருவதில்லை, மின்னஞ்சல் முகவரியும் அவர்களுக்கு இருப்பதில்லை. ஆனால் அலுவலகத்துக்கு அருகிலேயே குடியிருந்து, அதனாலேயே இந்தச் சம்பளத்தில் கட்டுப்படியாகிறது என்று வேலை செய்பவர்கள் அவர்கள்தான். புது இடத்துக்கு அவர்களை அழைத்துப் போகப்போகிறீர்களா, புது ஆட்களை எடுக்கச் சொல்லப்போகிறீர்களா என்பதை ஒப்பந்ததாரரிடம் பேசி ஜூன் 17-க்குள் முடிவு செய்து, அதே நாளில் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத் தனியே பிற்பாடு சொல்லலாம் என்று ஒத்திவைத்தால் அந்தப் பிற்பாடு ஆகஸ்ட் ஆகிவிடும்.

இனி அந்த ஒரு நாளை நேரம் நேரமாகப் பார்ப்போம். முதல் நாள், ஜூன் 16 செவ்வாய் மாலை 4 மணிக்கு, டீம் லீடர்களையும் மேலாளர்களையும் அழைத்து நிர்வாக இயக்குநரே சொல்ல வேண்டும். அவர்களிடம் ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள்; ஊழியர்கள் கேட்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் அதில் இருக்கட்டும். மறுநாள் காலை தம் குழுவினர் முதலில் ஓடிவரப்போவது இவர்களிடம்தான். "எனக்கும் இப்போதுதான் தெரியும்" என்று மேலாளர் கையை விரித்தால் அறிவிப்பின் மீதுள்ள நம்பிக்கை அங்கேயே உடையும். ஆனால் ஓரிரவுக்கு மேல் இடைவெளி கொடுக்க வேண்டாம். ஒரு வாரம் கொடுத்தால் பாதி அலுவலகத்துக்கு அரைகுறையாகத் தெரிந்துவிடும்.

புதன்கிழமை காலை 7 மணிக்கு, ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள் வேலை தொடங்கும்போது, ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரை உடன் வைத்துக்கொண்டு நீங்களே நேரில் தமிழில் சொல்லுங்கள். 9.30 முதல் 11 மணி வரை, மிகவும் பாதிக்கப்படுவோர் என்று நீங்கள் குறித்த சிலரை அவரவர் மேலாளர் தனியே அழைத்துப் பேச வேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். அந்த நேரத்தில் தீர்வு தர முடியாது. "உங்கள் நிலைமை எங்களுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை உட்கார்ந்து விரிவாகப் பேசுவோம்" என்று சொல்வதற்கே அந்தப் பத்து நிமிடம். கைக்குழந்தையோடு ஆவடியிலிருந்து வரும் ஒரு பெண், இருநூறு பேர் நடுவில் நின்றுகொண்டு இந்தச் செய்தியை முதன்முதலாகக் கேட்கக் கூடாது. 11.30-க்கு எல்லோரையும் கூட்டி இயக்குநர் சொல்லட்டும். கால் மணி நேரம் அவர் பேசவும் அரை மணி நேரம் கேள்விகளுக்கும் ஒதுக்குங்கள். கூட்டம் முடிந்த நிமிடமே மின்னஞ்சல் போக வேண்டும், தமிழ் நோட்டீசும் ஒட்டப்பட வேண்டும். அன்று பிற்பகல் விடுப்பில் இருப்பவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். இரவு ஷிப்ட் உங்களுக்கு இருந்தால், அவர்கள் வரும்போது மேலாளர் ஒருவர் வாசலில் நிற்பது அவசியம். காலையில் கூட்டத்தை நடத்திவிட்டு இரவுக்காரர்களை மின்னஞ்சலுக்கு விட்டுவிட்டால், தேநீர்க் கடையில் யாரோ சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியவரும்.

வெள்ளிக்கிழமை மாலை ஏன் கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். செய்தியைக் கேட்டவருக்கு உடனே கேள்வி எழும். கேட்பதற்கு இரண்டு நாள் ஆள் இருக்கமாட்டார்கள். அந்த இரண்டு நாளில் வாட்ஸ்அப் குழுக்களே பதில்களை உருவாக்கிவிடும். புதன்கிழமை சொன்னால் வியாழனும் வெள்ளியும் மேலாளர்கள் இருக்கையில் இருப்பார்கள்.

வழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டம் காரணத்தைச் சொல்லவும் கேள்வியைக் கேட்கவும். மின்னஞ்சல் பதிவுக்கு, மூன்று மாதம் கழித்துத் தேடி எடுத்துப் பார்க்க அதுதான் கிடைக்கும். நோட்டீஸ், மின்னஞ்சல் பார்க்காதவர்களுக்கு. அதை யாரும் பார்க்காத பலகையில் ஒட்டாமல், பயோமெட்ரிக் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் சாப்பாட்டுக் கூடத்திலும் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் "மின்னஞ்சல் வந்திருக்கிறது, பாருங்கள்" என்பதைத் தவிர எதையும் போடாதீர்கள். அங்கே போட்ட வாசகம் தேதி இல்லாமல் முன்னனுப்பப்படும். ஜூனில் சொன்ன பேருந்து வழி ஜூலையில் மாறிய பிறகும் பழையதே சுற்றிக்கொண்டிருக்கும். இடம் மாறும் அந்த இரண்டு நாளில், "லாரி கிளம்பிவிட்டது", "மூன்றாம் தளத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது" போன்றவற்றுக்கு மட்டும் அது மிகவும் உதவும்.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று தொடங்கிப் புதுக் கட்டடத்தின் அழகைச் சொல்லி, தேதியை நான்காவது பத்தியில் வைக்கிறார்கள். படிப்பவர்களில் ஒரு பகுதிக்கு இது துயரச் செய்தி என்பதை மறந்துவிட்ட கடிதம் அது. வாடகை ஒப்பந்தம் முடிகிறது என்பதுதான் காரணம் என்றால் அதையே எழுதுங்கள். ஓ.எம்.ஆர். வழியே சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ ரயில் பணிகள் நடக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் "மெட்ரோ வந்ததும் பயணம் எளிதாகும்" என்று எழுதாதீர்கள். செப்டம்பர் 28 காலை அவர் எதில் ஏறுவார் என்பதுதான் அவருடைய கவலை. தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"செப்டம்பர் 28, திங்கட்கிழமை முதல் நம் அலுவலகம் சோழிங்கநல்லூரில் இயங்கும். நுங்கம்பாக்கம் அலுவலகத்தின் கடைசி வேலை நாள் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. இப்போதைய கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் முடிவதே இதற்குக் காரணம். வேலை நேரத்தைக் காலை 8.30-க்குத் தொடங்க உத்தேசித்திருக்கிறோம். அதற்கான முறையான நோட்டீஸ் ஆகஸ்ட் 12 அன்று தரப்படும். இவை தவிர உங்கள் சம்பளத்திலும் பொறுப்பிலும் மாற்றம் இல்லை. வாகன வழித்தடங்கள் இன்னும் முடிவாகவில்லை. ஜூலை 8-ஆம் தேதி அறிவிப்போம். அதற்காக இணைப்பிலுள்ள படிவத்தை ஜூன் 26-க்குள் நிரப்பித் தரவும். இந்த மாற்றத்தால் உங்களுக்குத் தனிப்பட்ட சிக்கல் இருந்தால் உங்கள் மேலாளரிடமோ மனிதவளப் பிரிவிலோ நேரில் பேசலாம்."

முடிவானவை எவை, முடிவாகாதவை எவை, முடிவாகாதவற்றை எந்தத் தேதியில் சொல்வோம் என்ற மூன்றும் இதில் தனித்தனியே நிற்கின்றன. "விவரங்கள் பின்னர் அறிவிக்கப்படும்" என்று எழுதினால் மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள். ஜூலை 8 என்று எழுதிவிட்டு அன்றைக்குள் முடிவாகவில்லை என்றாலும், அந்த நாளில் "இன்னும் முடிவாகவில்லை, ஜூலை 15-ஆம் தேதி சொல்கிறோம்" என்று ஒரு வரி போக வேண்டும்.

வாகன வசதியைப் பற்றி நிர்வாகம் ஆறு மாதத்துக்குத் தருவதாகச் சொல்லக்கூடும். செப்டம்பர் இறுதியிலிருந்து ஆறு மாதம் என்றால் மார்ச் இறுதி, அதாவது தேர்வுக் காலம். ஏப்ரல் முடியும் வரை தருவதாக அறிவித்தால் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கோடை விடுமுறையில் வீடு மாறிக்கொள்ள வழி பிறக்கும். செலவு ஒரு மாதம்தான் கூடும், அறிவிப்பின் பயனோ பல மடங்கு கூடும். குழந்தைகள் காப்பகத்தைப் பற்றிய கேள்வியும் கட்டாயம் வரும். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் காப்பக வசதி வேண்டும் என்பது பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்திலிருந்தே இருக்கிறது. இப்போது நுங்கம்பாக்கத்தில் ஏதேனும் ஏற்பாடு இருந்தால், புது இடத்தில் அதற்கு என்ன என்பது அந்தக் கேள்வித் தாளில் இருக்க வேண்டும்.

வேலை நேர மாற்றத்தை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. இட மாற்றத்தோடு சேர்த்து ஒரே மின்னஞ்சலில் சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயம் அல்ல அது. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களின் வேலை நேரத்தை மாற்றுவதற்கு, பாதிக்கப்படுவோருக்கு உரிய முறையில் நோட்டீஸ் கொடுத்து, 21 நாள் கழிந்த பிறகே நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு கூறியது. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் 40-ஆம் பிரிவில் அதே 21 நாளைக் கூறுகிறது. செப்டம்பர் 28-லிருந்து 21 நாள் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் 7 வரும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பும் மின்னஞ்சல் அந்த எல்லைக்கு மூன்று நாள் முன்னால், அதிலும் இரண்டு நாள் விடுமுறையாக நிற்கிறது. முறையான நோட்டீசுக்கு அது ஈடாகுமா என்பது வேறு கேள்வி. உங்கள் ஊழியர்களில் யார் யார் அந்த வரையறைக்குள் வருகிறார்கள், எந்தப் படிவம் என்பதைத் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் மே மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஜூன் 17 கடிதத்தில் "உத்தேசித்திருக்கிறோம்" என்ற சொல்லை வைத்ததன் காரணமும் இதுதான். முதலில் சொல்லி, எதிர்ப்பு என்ன என்று கேட்டு, தேவையானால் 9 மணி என்று திருத்தி, அதன் பிறகு நோட்டீஸ் கொடுக்க உங்களுக்கு எட்டு வாரம் இருக்கும்.

முதல் அறிவிப்புக்குப் பிறகு வருபவை சிறியவை. ஒவ்வொன்றிலும் படிப்பவர் அப்போது செய்ய வேண்டியது மட்டும் இருந்தால் போதும். ஜூலை 8-இல் வாகன வழித்தடங்களும் ஏறும் இடங்களும். ஆகஸ்ட் 12-இல் வேலை நேர நோட்டீசும் இருக்கை வரைபடமும். அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விரும்புகிறவர்களை வண்டியில் அழைத்துப் போய்ப் புது இடத்தைக் காட்டுங்கள். செப்டம்பர் 9-இல் பெட்டி கட்டும் முறை, எதை யார் கட்டுவது, தனிப்பட்ட பொருள்களை எப்போது எடுத்துச் செல்வது. செப்டம்பர் 24-இல் திங்கட்கிழமைக்கான ஒரே பக்கம்: முகவரி, நுழைவாயில், அடையாள அட்டை, சாப்பாட்டு ஏற்பாடு, ஏதாவது கோளாறென்றால் அழைக்க வேண்டிய எண். இவை எல்லாவற்றையும் ஜூன் மாதக் கடிதத்திலேயே திணித்தால் எதுவும் நினைவில் நிற்காது. கேள்வி பதில் தாளை ஒரே இடத்தில் வைத்து, திருத்தும் ஒவ்வொரு முறையும் தலைப்பில் தேதியை மாற்றுங்கள்; மற்ற எல்லாச் செய்திகளும் அந்தத் தாளையே சுட்டட்டும்.

செய்தி உண்மையாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை மின்னஞ்சலைத் திறந்தவர்களின் எண்ணிக்கை சொல்லாது. திறந்து மூடுவதற்கு ஒரு நொடி போதும். வாகனப் படிவம் இதற்கு நல்ல அளவுகோல். ஜூன் 24-ஆம் தேதி யார் யார் நிரப்பவில்லை என்று பிரிவு வாரியாகப் பாருங்கள். விடுபட்டவர்கள் எல்லாப் பிரிவிலும் பரவலாக இருந்தால் சோம்பல், நினைவூட்டினால் போதும். ஒரே பிரிவில் குவிந்திருந்தால் அந்த மேலாளர் தம் குழுவிடம் பேசவே இல்லை என்று பொருள். அவரிடம் போய் என்ன தடை என்று கேளுங்கள். அவருக்கே இந்த மாற்றத்தில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், அதை யாரிடமும் சொல்ல வழியில்லாமலும் இருக்கலாம். இன்னொரு வழி, ஒவ்வொரு பிரிவிலும் மூன்று பேரைத் தாளைப் பார்க்காமல் சொல்லச் சொல்வது: எந்தத் தேதி, எந்த முகவரி, உங்கள் வண்டி எங்கே நிற்கும்? ஒரே கேள்விக்குப் பலர் தடுமாறினால் குறை கேட்டவரிடம் இல்லை, நீங்கள் எழுதிய வாக்கியத்தில் இருக்கிறது. அதை மாற்றி எழுதுங்கள்.

செப்டம்பர் 28 காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை, நுங்கம்பாக்கம் அலுவலக வாசலில் ஊழியர்களை முகம் தெரிந்த ஒருவரையும் ஒரு வண்டியையும் நிறுத்தி வையுங்கள். 103 நாள் சொன்ன பிறகும் யாராவது அங்கே வந்து நிற்பார்கள்; நீண்ட விடுப்பு முடிந்து திரும்புகிறவராக இருக்கலாம், கூரியர் கொண்டுவரும் பையனாக இருக்கலாம். வந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர்களுக்கு எந்த வழியில் சொல்லத் தவறினோம் என்று அன்று மாலையே பாருங்கள்.